செவியும் கிவியும்: தமிழும் கன்னடமும் தாயும் மகளுமா, உடன்பிறப்புகளா?

ஆந்திரத்தின் தென்மேற்கு முனையில், தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது குப்பம். 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குவதும் அங்கேதான். காது கேட்காதவரைத் தமிழ் பேசுகிறவர் அங்கே 'செவிடு' என்பார், தெலுங்கு பேசுகிறவர் 'செவிடி' என்பார், கன்னடக்காரர் 'கிவுடு' என்பார். மூன்றும் ஒரே சொல்தான் என்று யாரும் சொல்லித்தராமலே அந்த ஊர் மக்களுக்குத் தெரியும். ஆனால் ச எங்கே, க எங்கே? எது எதிலிருந்து வந்தது?

கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததா என்ற பேச்சு 2025-இல் பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போனது. இரு பக்கமும் உணர்ச்சியோடு பேசினார்கள். எந்த மொழிக்குப் பழைய கல்வெட்டு இருக்கிறது, எதற்குப் பழைய இலக்கியம் இருக்கிறது என்பதே வாதமாக இருந்தது. முதலில் எழுதப்பட்டது எது என்பது ஒரு கேள்வி, எது எதற்குத் தாய் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை கல்வெட்டில் இல்லை. 'செவி', 'கிவி' போன்ற சொற்களின் முதல் ஓசையில் இருக்கிறது. அந்த ஒரே ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தக் கட்டுரை நடக்கிறது.

ஒலி ஒற்றுமை ஏன் சான்று ஆகாது

இரண்டு மொழிச் சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால் உறவு என்று எண்ணிவிடுவது இயல்பு. தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' என்ற இணையைக் காட்டி எழுதப்படும் பதிவுகளைப் பலரும் பார்த்திருப்போம். இந்த இணையைக் கொஞ்சம் பின்னோக்கி நடத்திப் பார்க்கலாம்.

தமிழில் எண்பது, எண்ணூறு, எண்திசை என்ற சொற்களில் 'எண்' தெரிகிறது. ஆக, 'எட்டு' என்பதன் உள்ளே இருப்பது 'எண்'. ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இன்று ஒலிக்காத எழுத்துகள் நடுவில் நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை தொண்டையில் உரசி ஒலித்தவை. ஜெர்மன் மொழியின் 'அக்ட்' அந்த உரசலை இன்றும் வைத்திருக்கிறது. லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப் போக ஒரு பக்கம் 'எண்', மறுபக்கம் 'ஒக்டோ' என்று இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயலாக நேர்ந்தது.

மெய்யான உறவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். இன்று வேறுபட்டு நிற்கும் சொற்கள் பின்னோக்கிப் போகும்போது நெருங்கி வரும். அதனால்தான் மொழியியலாளர்கள் ஒற்றுமையைத் தேடுவதில்லை, ஒழுங்கான வேற்றுமையைத் தேடுகிறார்கள். ஒரு மொழியில் ஓர் ஓசை மாறும்போது, அது ஒரு சொல்லில் மட்டும் மாறுவதில்லை. அதே சூழலில் அந்த ஓசை வரும் எல்லாச் சொற்களிலும் மாறும். பொருளையோ, சொல்லின் பெருமையையோ அந்த மாற்றம் பார்ப்பதில்லை. இந்த ஒழுங்குதான் சான்று.

ஒரே தடத்தில் வரும் சொற்கள்

இனி வரும் எடுத்துக்காட்டுகளில் 'ச' என்று எழுதுவதை 'அச்சம்' என்ற சொல்லில் வரும் ச்ச ஓசையாகப் படிக்க வேண்டும். இன்றைய தமிழ்ப் பேச்சில் சொல் முதலில் அது பெரும்பாலும் ஸ ஆகிவிட்டது. பாலக்காட்டிலும் அதற்கு மேற்கிலும் மலையாளிகள் 'ச்செவி' என்று அழுத்தமாகச் சொல்வதில் பழைய ஓசையைக் கேட்கலாம். கன்னடத்தின் ஸ ஓசையைத் தனியே 'ஸ' என்றே குறிக்கிறேன்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் என்ற வரிசையில்:

1. செவி, செவி, கிவி
2. சிறு, சிரு, கிரு
3. செருப்பு, செப்பு, கெர
4. சிதறு, செதரு, கெதரு
5. சிறை, செருவு, கெரெ

ஐந்தாவது வரிசைக்கு ஒரு விளக்கம் வேண்டும். 'சிறை' என்றால் இன்று நமக்குக் கைதிகள் இருக்கும் இடம். ஆனால் நீரை அடைத்து வைக்கும் அணைக்கும் அந்தச் சொல் உண்டு, நீரைச் சிறைப்படுத்துவது. மலையாளத்தில் 'சிற' இன்றும் அந்தப் பொருளில் வழங்குகிறது. சித்தூர்ப் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் ஏரி 'செருவு'. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் அரசிகெரெ போன்ற ஊர்ப்பெயர்களில் அதே ஏரி 'கெரெ'. ஒரே நீர்நிலைச் சொல் மூன்று மாநிலங்களில் மூன்று உருவில் நிற்கிறது.

தமிழிலும் தெலுங்கிலும் ச வரும் இந்த இடங்களில் எல்லாம் கன்னடத்தில் க வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஓசைக்குப் பின்னால் வரும் உயிர் எப்போதும் இ அல்லது எ. கல், காய், குடி, கோழி போன்ற சொற்களில் மூன்று மொழிகளிலும் க அப்படியே இருக்கிறது.

காரணம் வாய்க்குள் இருக்கிறது. 'கு' என்றும் 'கி' என்றும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தால், 'கி' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடும் இடம் முன்னோக்கி நகர்வதை உணரலாம். இ, எ என்ற உயிர்கள் நாக்கை முன்னே இழுக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்த நகர்வு கூடிக்கொண்டே போனால் க, ச ஆகிவிடும். லத்தீனில் க-வில் தொடங்கிய 'கெந்தும்' என்ற நூறு இத்தாலிய மொழியில் 'சென்தோ' ஆனது இதே வழியில்தான். உலகின் பல மொழிகளில் க இப்படி ச ஆகியிருக்கிறது. ச திரும்பி க ஆவது மிக அரிது.

திசையை முடிவுசெய்யும் இரண்டாம் குவியல்

வாய்க்கு எது எளிது என்பது மட்டும் போதாது. கன்னடக்காரர்தான் தமிழின் ச-வை க ஆக்கினார் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை உடைப்பது இன்னொரு சொற்குவியல். அதே வரிசையில்:

1. சேர், சேரு, ஸேரு
2. சிக்கு, சிக்கு, ஸிக்கு
3. சாவு, சாவு, ஸாவு

இங்கே தமிழில் அதே ச. ஆனால் கன்னடத்தில் க இல்லை, ஸ வருகிறது. இப்போது ஒரு தமிழரிடம் தமிழ்ச் சொற்களை மட்டும் கொடுத்து, கன்னட வடிவத்தைக் கணிக்கச் சொல்வோம். 'சிறு' கிரு ஆகுமா, ஸிரு ஆகுமா? 'சிக்கு' கிக்கு ஆகுமா, ஸிக்கு ஆகுமா? அவரால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் தமிழில் ஒரே ச, அடுத்து ஒரே இ. எந்த விதியும் இவற்றைப் பிரிக்காது.

மாறாக, கன்னட வடிவங்களைக் கொடுத்தால் தமிழ் வடிவம் பெரும்பாலும் தானாக வரும்: இ, எ முன் க இருந்தால் ச, ஸ இருந்தாலும் ச. அதாவது ஒரு காலத்தில் இரண்டு ஓசைகள் இருந்தன. கன்னடம் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. தமிழ் அவற்றைக் கலந்துவிட்டது. அரிசியையும் குருணையையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துவிடலாம், ஆனால் அரைத்த மாவிலிருந்து இரண்டையும் திரும்பப் பிரிக்க முடியாது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்திருந்தால், தமிழ் இழந்துவிட்ட வேறுபாட்டை அது எங்கிருந்து எடுத்திருக்கும்?

எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான வாதம் இதுதான். இதற்குக் கல்வெட்டு வேண்டாம், இலக்கியம் வேண்டாம்; சந்தையில் பேசும் சொற்களே போதும்.

விதிவிலக்குகளை என்ன செய்வது?

இதுவரை படித்த ஒருவர் உடனே கேட்க வேண்டும்: தமிழில் கிளி, கெடு, கேள், கிழவன், கிணறு, கீழ் எல்லாம் இருக்கின்றனவே, அவை ஏன் சிளி, செடு, சேள் ஆகவில்லை?

அந்தச் சொற்களில் க-வுக்கு அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள்: ளி, டு, ள், ழ, ண, ழ். எல்லாமே நாக்கை மேலே வளைத்துப் பின்னே இழுத்துச் சொல்லும் மெய்கள். உயிர் நாக்கை முன்னே இழுக்க, அடுத்து வரப்போகும் மெய் பின்னே இழுத்திருக்கிறது. அதனால் க தன் இடத்திலேயே நின்றுவிட்டது. 'செவிடு' என்ற சொல்லிலும் டு இருக்கிறது, ஆனால் அது தள்ளி நிற்கிறது. உடனே அடுத்து வருவது வி. தடை அங்கே வேலை செய்யவில்லை. மொழியியலாளர் தாமஸ் பர்ரோ 1943-இல் திராவிட மொழிகளின் சொல்முதல் க பற்றி எழுதிய ஆய்வு இந்த விதிக்குத் தெளிவான வடிவம் கொடுத்தது.

தெலுங்கில் இந்தத் தடை இல்லை. தமிழர் 'கெட்டுப்போச்சு' என்பதைத் தெலுங்கர் 'செடிப்போயிந்தி' என்கிறார். நமக்குக் கெடு, அவர்களுக்குச் செடு. நமக்குக் கிளி, அவர்களுக்குச் 'சிலுக'. ஆகவே தமிழும் தெலுங்கும் க-வைச் ச ஆக்கியது ஒரே நிகழ்ச்சி அல்ல. இரண்டும் தனித்தனியாக, வேறு வேறு கட்டுப்பாடுகளோடு அதே பாதையில் நடந்திருக்கின்றன.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி ஒன்று குப்பத்துத் தெருவில் கிடைக்கிறது. தெலுங்கில் 'செய்யி' என்றால் கை. 'செய்யி' என்றால் 'செய்' என்ற ஏவலும்தான். தமிழில் கை, செய் என்று தெளிவாகப் பிரிந்திருப்பவை அங்கே ஒரே ஒலியாக எப்படி ஆயின?

1. மூலத்தில் கைக்குரிய சொல் 'கய்', செயலுக்குரிய சொல் 'கெய்'.
2. தமிழில் 'கெய்' மட்டும் செய் ஆனது. 'கய்' என்பதில் அ இருந்ததால் விதி தொடவில்லை. அது கை என்று நின்றது.
3. தெலுங்கில் முதலில் ய் ஓசையின் பக்கத்தில் இருந்த அ, எ ஆயிற்று. கய், கெய் ஆனது. அதன் பிறகு க, ச ஆகும் மாற்றம் வந்து இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டது.

மாற்றங்கள் நடந்த வரிசையைக்கூட இப்படிக் கண்டுபிடிக்க முடிகிறது. தெலுங்கின் 'கிந்த' என்ற சொல்லும் அதே வகை. நம் 'கீழ்' என்பதோடு உறவுடைய அது ஏன் 'சிந்த' ஆகவில்லை? பழைய தெலுங்கில் அது 'க்ரிந்த'. க-வுக்கும் இ-க்கும் நடுவில் ஒரு ர் நின்றதால் மாற்றம் எட்டவில்லை. பிறகு ர் உதிர்ந்தபோது மாற்றத்தின் காலம் முடிந்திருந்தது.

எல்லா விதிவிலக்கும் இப்படித் தீர்ந்துவிடுவதில்லை. கீதம், கிரகம் போன்றவை பின்னர் வந்த கடன்சொற்கள், அவற்றை விதி தொடாதது புரிகிறது. ஆனால் கீறு, கீரை என்ற சொற்களுக்கு அடுத்து நாக்கை வளைக்கும் மெய் இல்லை. ஆனாலும் க நிற்கிறது. ஒரு விதியை நம்பலாமா என்பதை எஞ்சும் சொற்களின் எண்ணிக்கையையும் தன்மையையும் வைத்தே எடைபோட வேண்டும்.

எடைபோட இன்னொரு வழி, விதியை உருவாக்கும்போது பயன்படுத்தாத ஒரு சொல்லில் அதைச் சோதிப்பது. கன்னடத்தில் கன்னத்துக்குக் 'கென்னெ' என்று பெயர். விதிப்படி தெற்கே அது 'சென்னெ' போல ஒலிக்க வேண்டும். இன்றைய தமிழ்ப் பேச்சில் கன்னத்துக்கு அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் கேரளத்தில் ஒற்றைத் தலைவலிக்குப் பெயர் 'சென்னிக்குத்து'. சென்னி என்பது அங்கே நெற்றிப்பொட்டு. பொருள் கன்னத்திலிருந்து இரண்டு விரற்கடை மேலே நகர்ந்திருக்கிறது, ஓசை விதி சொன்ன இடத்திலேயே இருக்கிறது.

மலையாளம் எப்போது பிரிந்தது?

மலையாளத்தில் செவி, செறு, செய்யுக, செரிப்பு என்று தமிழைப் போலவே ச வருகிறது. இது மட்டும் என்றால் பெரிய செய்தி இல்லை, தெலுங்கிலும் ச உண்டு. முக்கியமானது, மலையாளத்தில் கிளி, கேள், கீழ், கிணறு என்று அதே சொற்களில் அதே தடையும் இருப்பது. மாற்றமும் அதன் தடையும் ஒன்றுபோல் இரண்டு மொழிகளில் தனித்தனியே நேர்வது கடினம். இரண்டும் ஒரே மொழியாக இருந்தபோது அது நடந்தது என்பதே எளிய விளக்கம். ஆகவே கன்னடம் முதலில் விலகியது, க ச ஆனது பிறகு, தமிழும் மலையாளமும் பிரிந்தது அதற்கும் பிறகு.

காலத்தைக் குறிக்க ஒரு தடயம் உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகளில் கேரளபுத்திரர் என்று க-வோடு வருபவர்கள் சங்கப் பாடல்களில் சேரலர். கேரளம், சேரல் என்ற இணை நம் விதிக்குள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இதை வைத்து, அசோகர் காலத்தில் தமிழில் இன்னும் க இருந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். வடக்கே இருந்தவர்கள் அந்தப் பெயரைக் கன்னடம் பேசும் பகுதி வழியாகக் கேட்டிருக்கலாம்.

அப்படியானால் கன்னடம்தான் தாயா?

அதுவும் இல்லை. இந்த ஒரு ஓசையில் கன்னடம் பழையதைக் காத்தது. வேறு ஓசைகளில் தமிழ் காத்தது. பால், பத்து, புலி, பாம்பு என்று நாம் சொல்வதைக் கன்னடர் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹாவு என்கிறார்கள். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் ப தான் இருந்தது. சொல் முதலில் நம் வ அங்கே ப ஆகியிருக்கிறது, வேர் என்பது 'பேரு' என்று மெல்லிய ப-வோடு ஒலிக்கிறது. வாழ், வாள் என்று நாம் பிரிக்கும் இரண்டும் அங்கே ளகரத்தில் ஒன்றாகிவிட்டன. பழைய கன்னடத்தில் ழ-வுக்குத் தனி எழுத்தே இருந்தது. இந்த இடங்களில் கலந்தது கன்னடம், பிரித்து வைத்திருப்பது தமிழ். அரிசி, குருணை வாதம் இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறது: தமிழும் கன்னடத்திலிருந்து பிறந்திருக்க முடியாது.

ஆக இரண்டுக்கும் மூத்த ஒரு மொழி இருந்திருக்க வேண்டும். அதைத் தொல் திராவிடம் என்கிறார்கள். அதில் காதுக்குரிய சொல்லை *கெவி என்று எழுதுவார்கள். முன்னால் இருக்கும் உடுக்குறி, இது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, ஒப்பிட்டு மீட்டது என்பதற்கான அடையாளம். அந்த மூல மொழியைத் 'தொல் தமிழ்' என்று அழைக்க விரும்புகிறவர்கள் உண்டு. பெயர் எதுவானாலும், அதைப் பேசியவர் காதைச் 'செவி' என்று சொல்லவில்லை.

2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கண்

எல்லை ஊரில் கேட்கும் மொழிகள் உறவு என்பது வியப்பல்ல. இந்த முறையின் வலிமை தொலைவில் தெரிகிறது. பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழி கேட்பதற்குத் தமிழ் போலவே இருக்காது. அதன் சொற்களில் பெரும்பகுதி பலூச்சி, பாரசீகம் முதலியவற்றிலிருந்து வந்தவை. ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் அஸிட், இரட், முஸிட் என்று திராவிட வேரில் இருக்கின்றன. நான்கு முதல் எல்லா எண்களும் கடன். வெறும் சொல் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது திராவிட மொழி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அங்கே கண்ணுக்கு 'ஃகன்', கல்லுக்கு 'ஃகல்', காதுக்கு 'ஃகஃப்'. தொண்டையில் உரசி வரும் அந்த ஃக, மூலத்தின் க நிற்க வேண்டிய இடத்தில் வரிசையாக நிற்கிறது. *கெவி என்பதன் எ, பிராகுயியில் அ ஆகிவிட்டது. நாம் ச-வோடு சொல்லும் 'செவி'யையும் 'ஃகஃப்'பையும் நேருக்கு நேர் வைத்தால் ஓர் ஓசைகூடப் பொருந்தாது. நடுவில் *கெவி-யை வைத்தால் இரண்டு பக்கமும் விதிப்படி வந்து சேர்கின்றன.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் பேசப்படும் குடுக் மொழியிலும் கண் 'ஃகன்ன்', காது 'ஃகெப்தா'. ஆனால் இ முன் வரும்போது அங்கே க உரசாமல் நிற்கிறது; கீழே என்பதற்கு அவர்கள் சொல் 'கிய்யா'. தெற்கே இ, எ இரண்டும் க-வை மாற்றின; வடக்கே இ அதைக் காத்தது.

இந்த ஃக மாற்றத்தைக் குடுக்கும், ராஜ்மகால் மலைகளின் மால்டோவும், பிராகுயியும் பகிர்ந்துகொள்வதால் மூன்றையும் வட திராவிடம் என்று ஒரே கிளையில் வைக்கிறார்கள். பிராகுயி மக்கள் தொன்றுதொட்டு அங்கேயே இருந்தவர்களா, கிழக்கே குடுக், மால்டோ மக்களோடு வாழ்ந்துவிட்டுப் பிறகு மேற்கே போனவர்களா என்ற விவாதத்தில் இந்தக் கிளை உறவு இடப்பெயர்வுக் கட்சிக்கு ஓர் ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுகிறது. எதிர்க்கட்சியின் பதில்: க உரசொலியாவது பல மொழிகளில் தனித்தனியே நேரக்கூடியது, பிராகுயியைச் சுற்றியுள்ள மொழிகளிலும் அந்த ஓசை உண்டு, ஆகவே அது ஒன்றை மட்டும் வைத்து ஒரே கிளை என்று சொல்ல முடியாது. மூன்றும் *கெவி சொன்னவர்களின் வழிவந்தவை என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.